நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு: 42 மணி நேரம் எப்படி 50 ஆனது

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்குக் கிடங்கு. அதற்கு ஒரே கேட், கேட்டில் எப்போதும் ஒரே ஒரு காவலர். காலை 7 மணிக்கு ஒருவர் வருவார், இரவு 7 மணிக்கு அடுத்தவர் வந்து மாற்றிவிடுவார். வருடம் முழுக்க, கிறிஸ்துமஸ் அன்றும் கூட, இதுதான் நடைமுறை. நாலு பேர் மாறி மாறிப் பார்க்கிறார்கள். அதில் ஒருவர் வவுனியாப் பக்கத்துத் தம்பி. அவருடைய ஆறு மாதக் கணக்கைத்தான் இங்கே பிரித்துப் போடப் போகிறேன். அதே கம்பெனியில் வேறு சைட்டுக்கு ரோட்டா, அதாவது ஷிஃப்ட் அட்டவணை, போடுகிறவன் என்பதால் என்னிடம் கொண்டு வந்தார். கம்பெனி பெயர் வேண்டாம், இங்கே பல கம்பெனிகளில் கதை இதுதான்.

அவர் முதலில் கேட்டது ஓவர்டைம் பற்றியோ சட்டம் பற்றியோ இல்லை. "அண்ணை, போன மாசம் முழுக்க கிழமைக்கு 48 மணித்தியாலம் காட்டுது, இந்த மாசம் முழுக்க 36. எனக்கு வேலையைக் குறைச்சுப் போட்டாங்களோ?" என்றுதான் கேட்டார்.

யாரும் குறைக்கவில்லை. ரோட்டாவே அப்படித்தான் ஓடும். ஆனால் வேலைக்குச் சேரும்போது இதை யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இங்கே பாதுகாப்பு வேலையில் ரொம்பப் பரவலான முறை நாலு ஆன், நாலு ஆஃப். இரண்டு பகல், இரண்டு இரவு, அப்புறம் நாலு நாள் ஓய்வு. ஒரு சுற்று 8 நாள். அதில் 4 ஷிஃப்ட், ஷிஃப்டுக்கு 12 மணி, ஆக 48 மணி நேரம். பல பேர் இந்த 48-ஐப் பார்த்து "வாரம் 48" என்று சொல்லிவிடுகிறார்கள். அது வாரத்துக்கு இல்லை, 8 நாளுக்கு. நாள் கணக்கில் 6 மணி, அதை 7-ஆல் பெருக்கினால் 42. இதுதான் உண்மையான வாரச் சராசரி. வேறு வழியிலும் சரிபார்க்கலாம்: ஒரு கேட்டுக்கு வாரத்தில் 168 மணி நேரம் ஆள் வேண்டும், நாலு பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 42. நாலு நாள் பகல், நாலு நாள் ஓய்வு, நாலு நாள் இரவு, நாலு நாள் ஓய்வு என்று 16 நாள் சுற்றாக ஓட்டும் சைட்டுகளும் உண்டு, அங்கேயும் இதே 42தான் வரும்.

சரி, அப்படியானால் 48-உம் 36-உம் எங்கிருந்து வந்தன? வாரம் 7 நாள், சுற்று 8 நாள், அதனால் ஒவ்வொரு வாரமும் சுற்றின் ஒரு நாள் வெளியே தங்கிவிடும். வெளியே தங்குவது ஓய்வு நாளாக இருந்தால் அந்த வாரத்தில் 4 ஷிஃப்டும் விழும், வேலை நாளாக இருந்தால் 3 தான் விழும். இது கலந்து கலந்து வந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனால் அப்படி வராது. ஒரு திங்கட்கிழமை முதல் ஆன் நாள் என்று வைத்து எண்ணிப் பாருங்கள்: முதல் நாலு வாரமும் தொடர்ந்து 48, அடுத்த நாலு வாரமும் தொடர்ந்து 36. எட்டு வாரத்தில் 28 ஷிஃப்ட், 336 மணி, சராசரி 42. ஒன்பதாவது வாரம் திரும்பவும் திங்கட்கிழமை முதல் ஆன் நாளாக நிற்கும். ஆக ரோட்டாவின் சுற்று 8 நாள் என்றாலும் சம்பளத்தின் சுற்று 8 வாரம். எட்டு வாரத்துக்குக் குறைந்த எந்தத் துண்டை வைத்துச் சராசரி போட்டாலும் அது எங்கே வெட்டினோம் என்பதைப் பொறுத்து ஏறும் அல்லது இறங்கும்.

இன்னொரு சின்ன விஷயம். ஞாயிறு இரவு ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டும்போது சில சம்பளப் பிரிவுகள் 5 மணியை ஒரு வாரத்திலும் 7 மணியை அடுத்த வாரத்திலும் போடும், அதனால் பேஸ்லிப்பில் 41, 43 என்றெல்லாம் விநோதமான எண்கள் தெரியும். ஷிஃப்ட் எந்த நாளில் தொடங்கியதோ அந்த நாளுக்கே முழுசாக எழுதி எட்டு வாரத்துக்குக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும். மார்ச் கடைசியில் கடிகாரத்தை மாற்றும் இரவு 11 மணி நேரம், அக்டோபர் கடைசியில் 13 மணி நேரம். அதில் எது யாருக்கு விழும் என்பது அதிர்ஷ்டம்.

நாலு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குகிற தம்பிக்கு இந்த ஏற்ற இறக்கம் நேராக வயிற்றில் அடிக்கிறது. ஒரு சம்பளம் 192 மணிக்கு, அடுத்தது 144 மணிக்கு. வீட்டு வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான். அதனால் 36 மணி வாரங்கள் வந்ததும் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு "எக்ஸ்ட்ரா ஏதும் இருக்கா" என்று கேட்பார். கட்டாயம் இருக்கும். ஏன் எப்போதும் இருக்கிறது என்பதுதான் இந்தக் கேட்டின் உண்மையான கணக்கு.

42 என்ற எண் நாலு பேரும் ஒரு நாள்கூட லீவு எடுக்காத உலகத்தின் எண். பிரிட்டன் சட்டப்படி வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுமுறை. நாலு ஆன் நாலு ஆஃப் காவலருக்கு வாரச் சராசரி 3.5 ஷிஃப்ட், ஆக 5.6 × 3.5 = 19.6 ஷிஃப்ட் விடுமுறை. (வாரம் ஐந்து நாள் வேலை செய்கிறவர்களுக்கு 28 நாள் என்பதைப் பார்த்துவிட்டு "எங்களுக்கு மட்டும் ஏன் 20" என்று சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களுடைய 28 நாளும் இந்த 19.6 ஷிஃப்டும் அதே 5.6 வாரம்தான், இதில் ஏமாற்று இல்லை.) நாலு பேரின் விடுமுறையைக் கூட்டினால் வருடத்துக்கு 78 ஷிஃப்டுக்கு மேல் ஆள் இல்லாமல் நிற்கும். கேட்டைப் பூட்ட முடியாது. ரிலீஃப் காவலர் ஒருவர் இருந்தால் அவர் வருவார். இல்லையென்றால் இந்த நாலு பேரே ஒருவர் லீவை மற்றவர் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஒவ்வொருவரும் வருடத்துக்கு முழு 2190 மணி நேரமும் வேலை செய்கிறார், ஆனால் 52 வாரத்தில் இல்லை, லீவு போக மிச்சமுள்ள 46 வாரச் சொச்சத்தில். வகுத்துப் பார்த்தால் வேலையில் இருக்கும் வாரங்களுக்கு 47 மணி நேரம் வருகிறது.

அதாவது யாருக்கும் காய்ச்சல் வராமல், யாரும் வேலையை விடாமல் எல்லாம் ஒழுங்காக நடந்தாலே நாலு பேர் கேட் 47-இல் நிற்கிறது. சட்டத்தின் வரம்பு 48. நடுவே இருக்கும் இடைவெளி வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். என்னைக் கேட்டால், நாலு பேரை மட்டும் வைத்து ஒரு 24 மணி நேர சைட்டை ஏலம் எடுக்கிற கம்பெனி தொடக்கத்திலேயே ஓவர்டைமை நம்பித்தான் விலை போடுகிறது.

தம்பியின் கேட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கவில்லை. நாலு பேரில் ஒருவர் முதுகுவலியால் சில மாதம் வரவில்லை. காவலர் வேலைக்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது. 168-ஐ மூன்றால் வகுத்தால் 56. கன்ட்ரோலர் அந்த 56-ஐ அங்கங்கே சிதறடித்துச் சமாளித்தார், பெரும் பங்கு தம்பிக்கு வந்தது, அவரும் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டார்.

48 எதன் சராசரி

பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் வேலைநேர விதிகள் 48 மணி நேரம் என்று சொல்வது எந்த ஒரு தனி வாரத்தையும் இல்லை. சாதாரண வேலைகளுக்கு 17 வாரச் சராசரி. ஆனால் சொத்தையோ ஆட்களையோ காக்க எப்போதும் ஒருவர் இருந்தே ஆக வேண்டிய பாதுகாப்பு வேலைக்கு அது 26 வாரமாக நீள்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் 17 வாரக் கணக்கோடு போய் வாதாடினால் முதல் நிமிஷத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று, வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால் இந்த 26 வாரம் உருண்டுகொண்டே போகும், ஜனவரி முதல் ஜூன் வரை என்று நிலையாக வெட்டப்பட்டது இல்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையில் நின்று பின்னோக்கி 26 வாரம் எண்ணினாலும் சராசரி 48-க்குள் இருக்க வேண்டும்.

26 வாரம் என்றால் 182 நாள், 8 நாள் சுற்றுக்கு அது சரியாக வகுபடாது. 22 சுற்றும் மிச்சம் 6 நாளும் வரும். அந்த ஆறு நாளில் 2 ஷிஃப்டும் விழலாம், 4-உம் விழலாம், அதனால் ரோட்டா மட்டும் 90 முதல் 92 ஷிஃப்ட் வரை தரும். தம்பிக்கு 91 விழுந்திருந்தது. வரம்பு 48 × 26 = 1248 மணி, அதாவது 104 ஷிஃப்ட். 104-இல் 91 போனால் 13. ஆறு மாதத்தில் 13 எக்ஸ்ட்ரா ஷிஃப்ட், அதாவது இரண்டு வாரத்துக்கு ஒன்று. மனக்கணக்காகவும் இதைப் பிடிக்கலாம்: 42-க்கும் 48-க்கும் இடையில் 6 மணி, இரண்டு வாரத்துக்கு 12, அது ஒரு ஷிஃப்ட்.

தம்பி எடுத்திருந்தது 18.

இதைக் கன்ட்ரோலரிடம் சொன்னபோது அவர் உடனே கணினியில் தட்டிக் காட்டினார். ரோட்டாவில் 91, லீவு 8, ஆக வேலை செய்தது 83. எக்ஸ்ட்ரா 18 சேர்த்தால் 101 ஷிஃப்ட், 1212 மணி நேரம். 26-ஆல் வகுத்தால் 46.6. "பாருங்கள், வரம்புக்குள்தான் இருக்கிறது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கூட்டலிலும் பிழை இல்லை. லீவு எடுத்த 8 ஷிஃப்டைப் பூஜ்யமாக எண்ணியதுதான் சிக்கல்.

விதி அப்படி எண்ண விடாது. சட்டம் கொடுக்கும் வருடாந்திர விடுமுறை, நோய் விடுப்பு, பிரசவ விடுப்பு போன்ற நாட்களைச் சராசரியைக் குறைக்கப் பயன்படுத்தக் கூடாது. 26 வாரத்துக்குள் அப்படி எத்தனை நாள் விட்டுப்போனதோ, 26 வாரம் முடிந்ததும் அடுத்து வேலை செய்யும் அத்தனை நாட்களின் மணி நேரத்தை எடுத்துக் கூட்ட வேண்டும். வகுப்பது மட்டும் அதே 26-ஆல்தான். தம்பிக்கு 8 நாள் விட்டுப்போனது, அடுத்து அவர் வேலை செய்த 8 நாளில் 96 மணி நேரம். 1212-உம் 96-உம் சேர்ந்து 1308. சராசரி 50.3.

ஏன் இப்படி ஒரு விதி என்று தம்பி கேட்டார். யோசித்தால் நியாயம்தான். லீவு என்பது ஓய்வுக்குத் தருவது. இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்ததைக் காட்டி, வந்த பிறகு வாரம் 60 மணி வேலை வாங்கலாம் என்றால் லீவு கொடுத்ததற்கே அர்த்தமில்லை. இந்த விதியால் ஒரு வசதியும் இருக்கிறது: லீவு எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்த 13 என்ற எண் மாறாது. 26 வாரத்தில் எக்ஸ்ட்ரா எத்தனை என்று மட்டும் எண்ணினால் போதும்.

பேஸ்லிப்பில் ஏன் தெரியவில்லை

தம்பியின் எக்ஸ்ட்ராக்கள் பெரும்பாலும் 36 மணி வாரங்களில்தான் இருந்தன. 36 + 12 = 48. ஆக ஆறு மாதப் பேஸ்லிப்பை வரிசையாக அடுக்கினால் 48, 48, 48 என்றே போகும், நடுவில் சில 60 வரும். ஒவ்வொரு வாரமாகப் பார்க்கும் கண்ணுக்கு இது வரம்பில் நிற்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் எல்லா வாரமும் 48 என்றாலே சராசரி விளிம்பைத் தொட்டுவிட்டது, அதற்கு மேல் ஒரு 60 வந்தாலும் தாண்டிவிடும். 36 மணி வாரத்தை "காலி இடம்" என்று நினைப்பதுதான் தவறு. அது முன்னால் செய்து முடித்த 48-க்கான ஓய்வு.

நாலு ஆஃப் என்பதும் நினைக்கிற அளவு நாலு நாள் இல்லை. இரண்டாவது இரவு ஷிஃப்ட் முடிவது முதல் ஆஃப் நாளின் காலை 7 மணிக்கு. அந்தப் பகல் தூக்கத்தில் போய்விடும். அதனால் எக்ஸ்ட்ரா போட மிஞ்சுவது மூன்று நாள். அதில் கடைசி நாளில் பகல் ஷிஃப்ட் போட்டால் இரவு 7-க்கு விட்டு அடுத்த நாள் காலை 7-க்கு மறுபடியும் கேட்டில் நிற்க வேண்டும், நடுவில் பஸ் பயணமும் உண்டு.

அப்புறம் யாரும் எழுதாத நேரம் ஒன்று இருக்கிறது. இந்த சைட்டில் 15 நிமிஷம் முன்னால் வந்து சாவிக் கணக்கு, வண்டிப் பதிவேடு எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. சம்பளம் 7-இலிருந்துதான். வரச் சொல்லி உத்தரவிட்டால் அது வேலை நேரம். ஷிஃப்டுக்கு கால் மணி என்பது சின்னதாகத் தெரியும், வருடத்துக்கு அது 45 மணி நேரத்தைத் தாண்டும், கிட்டத்தட்ட நாலு முழு ஷிஃப்ட். அதைச் சேர்த்தால் 42 என்பது 42.9 ஆகிறது, 13 எக்ஸ்ட்ராவுக்கான இடம் 10 ஆகச் சுருங்குகிறது, தம்பியின் 50.3 என்பது 51.4 ஆகிறது.

எதிர்ப்பக்கம் இழுப்பது சாப்பாட்டு இடைவேளை. சில கம்பெனிகள் ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரத்தைக் கழித்து 11 மணி என்று எழுதி, சராசரியை 38.5 ஆகக் காட்டும். இரண்டு பேர் நிற்கும் சைட்டில், அந்த ஒரு மணி நேரம் நிஜமாகவே எழுந்து வெளியே போக முடிந்தால் சரி. தனி ஆள் கேட்டில் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு லாரிக்குத் தடுப்பைத் தூக்கிவிடுகிறவருக்கு அது இடைவேளை இல்லை. தம்பிக்கு 12 மணி நேரமும் சம்பளம் உண்டு, அந்த வகையில் பிரச்சினை இல்லை.

கையெழுத்து

கன்ட்ரோலரின் அடுத்த பதில் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான்: "அவர் ஆப்ட்-அவுட் போட்டிருப்பாரே." 48 வரம்பு எனக்கு வேண்டாம் என்று தொழிலாளி தனியாக எழுதிக் கொடுக்கலாம், பிரிட்டனில் அது செல்லும். சேரும் நாளன்று சீருடை அளவு, வங்கி விவரம் என்று நீட்டும் காகிதங்களோடு இதுவும் வரும், பலர் படிக்காமலே போட்டுவிடுகிறார்கள். போட்டவர் எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் அறிவித்துத் திரும்பப் பெறலாம். ஒப்பந்தத்தில் எதுவும் சொல்லாவிட்டால் 7 நாள் முன்னறிவிப்பு போதும், சொல்லியிருந்தால் அதிகபட்சம் 3 மாதம். போடாததற்காகவோ திரும்பப் பெற்றதற்காகவோ யாரையும் தண்டிக்க முடியாது. தம்பியின் கோப்பைத் திறந்து பார்த்தால் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. யாரும் இதுவரை பார்த்ததே இல்லை.

நம் ஊரிலிருந்து வந்தவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று இங்கே சட்டம் கிடையாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் உண்டு, இல்லையென்றால் 51-ஆவது மணிக்கும் அதே கூலிதான். ஆஃப் நாட்களில் வேறு கம்பெனியில் சம்பள வேலை செய்தால் அந்த மணி நேரமும் இந்த 48-இல் சேரும். அதைத் தம்பியிடம் கேட்டேன், இல்லை என்றார், நம்பினேன்.

இதில் தம்பிக்கு முழு மகிழ்ச்சி இல்லை என்பதையும் எழுத வேண்டும். அவர் வந்தது வேலையைக் குறைத்துவிட்டார்களா என்று கேட்க, போனது எக்ஸ்ட்ரா நின்றுபோன செய்தியோடு. கையெழுத்துப் போட்டுவிட்டு 50-ஐத் தொடரலாமா என்றும் யோசித்தார், அது அவர் முடிவு. கடைசியில் போடவில்லை. 36 மணி வாரத்துச் சம்பளம் குறைகிறதுதான் அவருக்கு உண்மையான வலி என்பதால், மணி நேரத்தைக் கூட்டாமல் அதைச் சமாளிக்க ஒரு வழி கேட்டோம்: வருடத்தின் 2190 மணி நேரத்தைச் சமமாகப் பிரித்து ஒவ்வொரு நாலு வாரத்துக்கும் 168 மணிக்கான சம்பளம், எக்ஸ்ட்ரா இருந்தால் தனியாக. சில சைட்டுகளில் ஏற்கெனவே இருக்கிற முறைதான். சம்பளப் பிரிவு ஒத்துக்கொண்டது, ஆனால் வேலையை நடுவில் விட்டால் கூடக் குறைய இருப்பதைச் சரிக்கட்டலாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். இந்த முறை 48 மணி வாரங்களோடு தொடங்கினால், விடுகிற நாள் 48 மணி வாரங்களுக்குப் பிறகு வந்தால் கம்பெனி தர வேண்டியிருக்கும், 36 மணி வாரங்களுக்குப் பிறகு வந்தால் கணக்குச் சமமாகவே இருக்கும். அதையும் அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.

கேட்டுக்கு ஐந்தாவதாக ஒரு ரிலீஃப் காவலர் வந்தார், பக்கத்தில் இருக்கிற இன்னொரு சைட்டோடு பங்கு வைத்து. கால் மணி நேரக் கைமாற்று விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. 6:45-க்கு வரச் சொல்வது "எதிர்பார்ப்பு", உத்தரவு இல்லை என்று கம்பெனி சொல்கிறது. சைட் உத்தரவுப் புத்தகத்தில் அது மூன்றாவது பக்கத்தில் எழுதியிருக்கிறது, தம்பி அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.